கம்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு நெசவாளர் வீடு. முன்கட்டில் பட்டுச்சேலை வியாபாரம், பின்கட்டில் இரண்டு தறி. 2022ஆம் ஆண்டு, ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கண்ணாடியிழை இணைப்பு கொடுப்பதும் கணினி பழுது பார்ப்பதும் என் தொழில். அந்த வீட்டுக்குக் கம்பி இழுத்ததும் நான்தான்.

"தம்பி, நூறு போடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. போட்டேன். நாப்பதுக்கும் நூறுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே. சேலை போட்டோ ஒண்ணு அனுப்பறதுக்குள்ள பாவு ரெண்டு முழம் நெஞ்சுடலாம் போல இருக்கு" என்றார் பெரியவர்.

முதல் இரண்டு தடவையும் கம்பிக்காரன் செய்யும் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். பவர் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: மைனஸ் 19. மைனஸ் 27ஐ நெருங்கினால்தான் எங்களுக்குக் கவலை வரும், ஆகவே ஒளி நன்றாகவே வருகிறது. சுவரோரம் கம்பி மடங்கியிருந்த இடத்தை நிமிர்த்திவிட்டேன். மோடத்தையும் மாற்றினேன். என் மடிக்கணினியை அதே மோடத்தில் செருகி வேகம் பார்த்தால் 94 மெகாபிட். நூறு மெகாபிட் போர்ட்டில் அதுதான் உச்சம். அவருடைய கணினியிலும் பார்த்தேன், 90. "எல்லாம் சரியா இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் தெரு தாண்டுவதற்குள் அவருக்குப் பழையபடி சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது முறை போனபோது உடனே கை வைக்காமல், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வருடத்தில் நான் அதிகம் செய்யாத காரியம் அது. குரோமில் வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளம் திறந்திருந்தன. அவற்றோடு ஒரு கணக்கு மென்பொருள், இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள் உள்ள ஒரு சேலை போட்டோ கோப்புறை. வாட்ஸ்அப்பிலிருந்து மின்னஞ்சலுக்கு மாறினார். திரை வெளுத்தது. கீழே பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம், முன்பக்கத்தில் வன்தட்டின் சிவப்பு விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தது. நாற்பது விநாடி போயிற்று.

எழுந்து கணினியின் பின்னால் போய் நெட் கம்பியைக் கழற்றினேன். "இப்ப போட்டோ கோப்புறையைத் திறங்க ஐயா" என்றேன். அதே கரகரப்பு, அதே சிவப்பு விளக்கு, அதே காத்திருப்பு. இணையமே இல்லாதபோதும் இணையம் மெதுவாக இருப்பதுபோலவே இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். முதல் நாளே செய்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை என்று பிறகு யோசித்தேன். 2003 வாக்கில் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது டயல்-அப். 56 கிலோபிட் என்பது பெயருக்குத்தான், கிடைப்பது அதற்கும் கீழே. கணினிக்கு 128 எம்பி நினைவகம், ஆனாலும் அதுதான் கம்பிக்காகக் காத்திருக்கும். ஒரு படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரும். அந்தக் காலத்தில் 'நெட் ஸ்லோ' என்று ஒருவர் சொன்னால் அது நெட்டேதான். 56 கிலோபிட்டிலிருந்து 100 மெகாபிட் என்றால் கம்பி ஏறக்குறைய 1,800 மடங்கு வளர்ந்துவிட்டது. வன்தட்டில் கொள்ளளவு பெருகியது, ஆனால் உள்ளே சுழலும் தட்டின் வேகம் அன்றும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, இன்றும் 7,200 சுற்று. கம்பி தட்டை முந்திப்போய் வெகுநாளாகிறது. அவர் குற்றம் சொல்லும் பழக்கமும் நான் பழுது தேடும் பழக்கமும் மட்டும் டயல்-அப் காலத்திலேயே நின்றுவிட்டன.

அவருடைய கணினியில் நடந்தது இதுதான். அதில் இருந்த நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் 7 காலத்தில் வாங்கியது, அப்போது அது போதும். பிறகு யாரோ விண்டோஸ் 10 ஏற்றிவிட்டார்கள். 64 பிட் விண்டோஸ் 10 ஓட மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 2 ஜிபி. விண்டோஸ் மட்டும் ஓட அது போதும், மேலே வேலை செய்ய இடம் மிஞ்சாது. நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை எடுத்து வன்தட்டில் `pagefile.sys` என்ற கோப்பில் வைக்கும். அவை மறுபடி தேவைப்பட்டால், வேறு எதையாவது வெளியே தள்ளிவிட்டு இவற்றைத் திரும்பக் கொண்டுவரும். இந்தப் போக்குவரத்து ஓயாமல் நடந்தால் கணினிக்கு வேறு வேலையே ஓடாது.

பெரியவரிடம் இதை விளக்க நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே பிடித்துக்கொண்டார். "தறிக்குப் பக்கத்துல இருக்குற கூடையில நாலு தார்தான் கொள்ளும். அஞ்சாவது கலர் வேணும்னா நாடாவை வெச்சுட்டு எந்திரிச்சு உள்ரூமுக்குப் போகணும். போறப்ப கூடையிலேர்ந்து ஒண்ணை எடுத்துட்டுப் போயி அங்க வெச்சுட்டு வரணும். அடுத்த வரிசைக்கு அந்தக் கலரே வேணும்னா மறுபடி எந்திரிக்கணும். அப்படித்தானே?" அப்படியேதான். அந்த நேரத்தில் வாசலில் வண்டி நிறையப் பட்டு வந்து இறங்கினாலும் நெசவு ஓடாது. வாசல் வண்டிதான் அந்த நூறு மெகாபிட்.

உள்ரூமுக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளியும். 7,200 சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிவிநாடி எடுக்கும். தேடும் இடம் முள்ளுக்கு நேரே வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிவிநாடி. அதற்கு முன் முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறத்தாழ 9. ஆக ஒரு தேடலுக்கு 13 மில்லிவிநாடி, விநாடிக்கு 75 தேடல். நினைவகப் பக்கம் ஒன்று 4 கிலோபைட். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தால் விநாடிக்கு 300 கிலோபைட்தான் வரும். கம்பியின் கணக்கில் சொன்னால் 2.4 மெகாபிட். விண்டோஸ் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்தே அள்ளும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடும். ஆனாலும் நூறு மெகாபிட் கம்பியின் முனையில் இரண்டு மூன்று மெகாபிட் வாசல்தான் திறந்திருக்கிறது.

அப்படியானால் வேகச் சோதனையில் மட்டும் 90 எப்படி வந்தது? என்னை இரண்டு முறை ஏமாற்றியது இதுதான். சோதனைத் தளம் அனுப்பும் தரவை உலாவி எண்ணிவிட்டுத் தூக்கி எறிகிறது. அதை வைத்துக்கொள்ள இடம் வேண்டாம், வன்தட்டுக்கும் பெரிய வேலை கிடையாது. போதாததற்கு, சோதனைக்கு முன் எல்லாத் தாவல்களையும் மூடிவிடுவது என் வழக்கம். நோயாளியைப் படுக்கவைத்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, 'நடந்தால் மூச்சு வாங்குகிறதா' என்று கேட்ட கதை. பெரிய கோப்பு ஒன்றை இறக்கிப் பார்த்தாலும் இப்படித்தான். வரிசையாக எழுதும்போது முள் அங்குமிங்கும் ஓட வேண்டாம், அப்போது பழைய வன்தட்டும் விநாடிக்கு 80, 100 மெகாபைட் எழுதும். நூறு மெகாபிட் கம்பி தருவது 12.5 மெகாபைட்தான். ஆகவே சினிமா வேகமாக இறங்கும், மின்னஞ்சல் திறக்க நாற்பது விநாடி ஆகும்.

இன்னொரு மாயமும் உண்டு. நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது குரோம் வெகுநேரமாகத் தொடாத தாவலைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். தாவலின் பெயர் மேலே அப்படியே இருக்கும். சொடுக்கினால் பக்கத்தை முதலிலிருந்து இணையத்தில் வாங்கும், சக்கரம் சுற்றும். பார்ப்பவர் 'நெட் ஸ்லோ' என்றுதான் சொல்வார். ஒரு முறை வாங்கிய பக்கத்தை மறுபடி வாங்க வைத்தது நினைவகப் பஞ்சம் என்பது வெளியே தெரியாது. டயல்-அப் காலத்தில் பழைய பக்கங்களை வன்தட்டில் சேமித்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தியது. இன்று நிலைமை தலைகீழ். வன்தட்டுச் சேமிப்பு தாமதித்தால் காத்திராமல் இணையத்துக்கும் கேட்டனுப்பி, எது முந்தி வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பயர்பாக்ஸில் இருக்கிறது.

கம்பியைக் கழற்றியதும் சந்தேகம் கணினி மேல் விழுந்துவிட்டது. உறுதிப்படுத்த, கம்பியை மறுபடி செருகி Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தி `Task Manager`ஐத் திறந்தேன். `Performance` பக்கத்தில் இடப்புறம் நான்கு வரைபடங்கள் இருக்கும். இதைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கணினியைத் திறந்த முதல் பத்து நிமிடம் பார்க்கக் கூடாது. அப்போது எந்தப் பழைய கணினியிலும் வன்தட்டு நூறு சதவீதம்தான் காட்டும். பிறகு வழக்கமான வேலைகளையெல்லாம் திறந்து வைத்து, சக்கரம் சுற்றும் அந்த விநாடிகளில் எது உச்சத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரியவர் வாட்ஸ்அப்பிலிருந்து மின்னஞ்சலுக்கு மாறியபோது வன்தட்டின் `Active time` 100 சதவீதம். `Average response time` 600 மில்லிவிநாடிக்கு மேல். ஒரு தேடலுக்கு 13 என்று கணக்குப் போட்டோம், மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்கும் நேரம். அவ்வளவு பாடுபட்டும் அது படித்துத் தந்தது விநாடிக்கு இரண்டு மெகாபைட்கூட இல்லை. அதே விநாடியில் `Ethernet` வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது. கம்பி சும்மா இருக்கிறது, தட்டு மூச்சுத் திணறுகிறது. `Memory` பக்கத்தில் `Available` 140 எம்பி. அங்கேயே `Committed` என்று ஓர் எண் இருக்கும், திறந்திருக்கும் நிரல்களுக்கெல்லாம் விண்டோஸ் கொடுத்திருக்கும் வாக்குறுதியின் மொத்தம் அது. அவருடையது 4.7 ஜிபி. கையில் இருப்பதோ இரண்டு. எவ்வளவு நினைவகம் வாங்க வேண்டும் என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிட்டது.

இன்னும் ஒரு சாட்சி வேண்டுமானால் தொடக்கப் பட்டியில் `resmon` என்று தட்டி `Memory` தாவலைப் பார்க்கலாம். `Hard Faults/sec` என்ற நெடுவரிசையில், நினைவகத்தில் இல்லாமல் வன்தட்டுக்குப் போக நேர்ந்த தடவைகள் தெரியும். ஒரு நிரலைத் திறக்கும்போது அது ஏறி இறங்குவது இயல்பு. அவருடைய கணினியில் சும்மா தாவல் மாற்றினாலே நூற்றுக்கணக்கில் ஏறி அங்கேயே நின்றது.

இதே முறையால் மற்ற நோய்களையும் பிரிக்கலாம். சக்கரம் சுற்றும்போது `Ethernet` கோடு தன் உச்சத்தில் தட்டையாக ஓடி, வன்தட்டு ஓய்வாக இருந்தால் பெரும்பாலும் கம்பிதான் போதவில்லை. இரண்டுமே தரையில் கிடந்தால் பிரச்சினை எதிர்முனைத் தளத்தில் இருக்கலாம், பெயரை முகவரியாக மாற்றித் தரும் இடத்தில் இருக்கலாம், வழியில் தரவு தொலைந்துகொண்டும் இருக்கலாம். `CPU` நூறைத் தொட்டால் செயலிதான் திணறுகிறது. நினைவகம் தாராளமாக இருக்கும்போதே வன்தட்டு நூறு காட்டி, பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவிநாடிக்குப் போனால் அது பஞ்சமல்ல, தட்டு சாகப்போகிறது. அப்போது சோதனையை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு திமிர் வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். சில மாதம் கழித்து இன்னொரு வீட்டில் 2 ஜிபி கணினியைப் பார்த்ததும், எதையும் சோதிக்காமல் "கணினி பழசு, அதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர்கள் செலவு செய்து நினைவகம் போட்டார்கள். பயனில்லை. பிறகு பார்த்தால் நெட் கம்பியை எலி கடித்திருக்கிறது. இணைப்பு 100 மெகாபிட்டுக்குப் பதில் 10க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் `Ethernet` கோடு உச்சத்தில் தட்டையாக ஓடியிருக்கும், பார்க்கத்தான் நான் இல்லை. நினைவகத்துக்கான பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று காரியம் செய்யாமல் தீர்ப்புச் சொல்வதில்லை. அதே கம்பியில் இன்னொரு கணினியைச் செருகிப் பார்ப்பது, கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது, சக்கரம் சுற்றும்போது வரைபடத்தைப் பார்ப்பது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் பேசுவேன். மோடம் வரைக்கும் வழி சரியா என்று பார்க்க இன்னொரு வரியையும் தட்டுவேன்:

```
ping 192.168.1.1 -n 20
```

உங்கள் மோடத்தின் முகவரி வேறாக இருக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பி வழி இணைப்பில் இருபது பதிலும் ஒரு மில்லிவிநாடி அளவில் வர வேண்டும். ஒன்றிரண்டு தொலைந்தால் வீட்டுக்குள் இருக்கும் கம்பியையோ போர்ட்டையோ சந்தேகப்படலாம்.

பெரியவர் கணினிக்கு வருவோம். புதிது வாங்கச் சொல்லியிருக்கலாம். அவருக்கு விருப்பமில்லை, அவசியமும் இல்லை. முதலில் நினைவகம். அது இன்டெல் ஜி41 வகைப் பலகை. இரண்டு இடம், இடத்துக்கு 4 ஜிபி வரை ஏற்கும். கடையில் கிடைத்த டிடிஆர்3 4 ஜிபி குச்சியைப் போட்டதும் பீப் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. அடர்த்தி கூடிய எட்டுச் சில்லுகளால் செய்த புதிய குச்சிகளை ஜி41க்கு அடையாளம் தெரியாது. இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லு உள்ள பழைய வகைதான் வேண்டும். தேடிப்பிடித்து இரண்டு வாங்கிப் போட்டேன். மொத்தம் 8 ஜிபி.

வித்தியாசம் அன்றே தெரிந்தது. தாவல் மாற்றினால் உடனே மாறியது, கரகரப்பு அடங்கியது. காலையில் கணினி எழுவதும் குரோம் முதல்முறை திறப்பதும் மட்டும் பழையபடி மெதுவாகவே இருந்தன. நினைவகம் கூடினால் உள்ரூமுக்குப் போகும் தடவைகள் குறையும், ஆனால் போனால் ஆகும் நேரம் குறையாது. அதற்கு மருந்து எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. 13 மில்லிவிநாடித் தேடல் அங்கே ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு. பத்து நாள் கழித்து 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸை மாற்றிவிட்டு, பழைய வன்தட்டைச் சேலைப் படங்களுக்கு மட்டும் விட்டேன். அந்தப் பழைய பலகையின் சாட்டா எஸ்எஸ்டியின் முழு வேகத்தைத் தராது. பரவாயில்லை, நமக்குத் தேவைப்பட்டது தேடும் வேகம்தான். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: `Committed` எண் உங்கள் நினைவகத்தைவிடப் பெரிதாக இருந்தால் முதலில் நினைவகம். எஸ்எஸ்டி மட்டும் போட்டால் கணினி பஞ்சத்தை வேகமாகச் சமாளிக்கும், பஞ்சம் தீராது, ஓயாமல் எழுதுவதால் எஸ்எஸ்டியும் தேயும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஜி41 காலத்துக் கணினிகள் விண்டோஸ் 11இன் நிபந்தனைகளுக்குள் வரவே வராது. அவற்றை இணையத்தில் வைத்திருக்க வேண்டுமானால் இலகுவான லினக்ஸுக்குத்தான் போக வேண்டும். போனாலும் 2 ஜிபியில் உலாவி அதே பாட்டைத்தான் பாடும், ஏனென்றால் நினைவகத்தைத் தின்பது இன்றைய இணையப் பக்கங்கள்.

எஸ்எஸ்டி போட்ட அடுத்த மாதம் பெரியவர் மறுபடி அழைத்தார். பயந்துகொண்டே போனேன். "தம்பி, இப்ப நல்லா ஓடுது. இந்த நூறைத் திரும்ப நாப்பதாக்கிடுங்களேன்" என்றார். மாற்றிக் கொடுத்தேன். எனக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த கமிஷன் குறைந்தது. வேகம் குறைந்ததாக அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.